விற்பனைப் பத்திரமும் வேலைச் சட்டமும்: தொலைக்காட்சித் தொடர் பைபிளின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

1

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிலில் 'பைபிள்' என்று ஓர் ஆவணம் வழங்கிவருகின்றது. தொடர் ஒன்றைப் பார்த்து மகிழும் இலட்சக்கணக்கானோருள் அதைக் கண்டவர் மிகச் சிலரே. நூலாக அச்சேறுவதற்காக அது எழுதப்படுவதில்லை. தொடரொன்றை எழுத விரும்பும் ஆசிரியர், பணம் போடக்கூடிய நிறுவனத்தின் மேசையில் வைப்பதற்காக அதை எழுதுகின்றார். கதை நிகழும் உலகம் எத்தகையது, அதில் வாழும் மாந்தர் யாவர், முதற் பருவத்தில் அவர்களுக்கு என்ன நேரும் என்ற மூன்று வினாக்களுக்கு அது விடை கூறும். நிறுவனம் இசைந்து தொடரை வாங்கிய பின்னர் அதே ஆவணம் வேறொரு தொழிலைச் செய்யத் தொடங்கும். கூலிக்கு அமர்த்தப்படும் ஏனைய எழுத்தாளர்கள் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று விதிக்கும் சட்டமாக அது மாறிவிடும்.

ஆகவே இவ்வாவணத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. மூலதனத்தை நோக்கிய முகத்தில் அது ஒரு விற்பனைப் பத்திரம். உழைப்பை நோக்கிய முகத்தில் அது ஒரு வேலைச் சட்டம். இவ்விரு முகங்களையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அதன் வடிவம் ஏன் காலத்துக்குக் காலம் மாறியது என்பதை விளங்கிக்கொள்ள முடியாது. எழுத்தாளர் நூல்கள் பல இதனை வெறும் உத்திப் பிரச்சினையாகவே நோக்குகின்றன. உலகத்தை இவ்வாறு அமைக்கவேண்டும், பாத்திரத்துக்கு இத்தனை பந்தி எழுதவேண்டும் என்று அவை கூறும். தொடர் எவ்வாறு விற்கப்படுகின்றதோ அதற்கேற்பவே அதன் உலகமும் மாந்தரும் கதையோட்டமும் உருப்பெறுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். இதனை நிறுவ இரண்டு ஆவணங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1964இல் ஜீன் ரொடன்பெரி எழுதிய 'ஸ்டார் ட்ரெக்' முன்மொழிவு. மற்றையது 2000ஆம் ஆண்டில் டேவிட் சைமன் எழுதிய 'த வயர்' பைபிள்.

2

'ஸ்டார் ட்ரெக்' முன்மொழிவு 1964 மார்ச் 11 எனத் திகதியிடப்பட்ட பதினாறு பக்க ஆவணம். பின்னாளில் உலகறிந்த பெயர்கள் பலவற்றை அதிற் காணமுடியாது. கப்பலின் பெயர் 'யோர்க்டவுன்'. தலைவன் ரொபேர்ட் ஏப்ரில். ஸ்பொக் என்ற பாத்திரம் உண்டு. ஆனால் அவன் பாதி செவ்வாய்க் கிரகத்தவனாக இருக்கலாம் எனக் குறிக்கப்படுகின்றான். இரண்டாம் அதிகாரி ஒரு பெண். விண்வெளிக் கதைக்குப் பழக்கமில்லாத அதிகாரிகளுக்குத் தனது எண்ணத்தை விளக்க ரொடன்பெரி 'வாகன் ட்ரெயின்' என்ற அக்காலத்து மேற்கத்தியத் தொடரை உவமையாகக் கொண்டார். அந்தத் தொடரில் குடியேறிகளின் வண்டிக்கூட்டம் வாரந்தோறும் புதிய மனிதரையும் புதிய சிக்கலையும் சந்திக்கும். இவருடைய தொடரிலும் அவ்வாறே நிகழும். வண்டிகளுக்குப் பதிலாக ஒரு விண்கப்பல் இருக்கும்.

இவ்வுவமை வாங்குவோருக்குப் புரியவைப்பதற்கான வசதியான சொல் மட்டுமன்று. ஏலவே சந்தையில் இலாபம் தந்த ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்லி, புதிய பண்டத்தின் அபாயம் சிறிது என்று அது உறுதி கூறுகின்றது. இன்றுவரை முன்மொழிவு எழுதுவோர் முதற் பந்தியில் இரண்டு பழைய தொடர்களின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இதே தேவையிலிருந்து வருவதே.

ஆவணத்தின் மிக முக்கியமான பகுதி உலகம் பற்றியது. பிரபஞ்சத்தில் எண்ணிறந்த விண்மீன்கள் இருப்பதால் பூமியை ஒத்த கிரகங்களும் பல இருக்கும். அவற்றில் நம்முடையதை ஒத்த சமூகங்களும் தோன்றியிருக்கும் என ரொடன்பெரி எழுதினார். இதனை 'ஒத்த உலகங்கள்' என்ற கருத்தாக அவர் முன்வைத்தார். விஞ்ஞானத் தோரணையில் ஒரு சமன்பாடும் தரப்பட்டது. ஆனால் இக்கருத்தின் உண்மையான பயனை ஆவணமே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றது. கலையகத்தில் ஏலவே நிற்கும் அரங்குகளையும் தெருக்களையும் உடைகளையும் மீண்டும் பயன்படுத்தலாம். சிக்காகோக் குண்டர்களின் உலகமொன்றைக் காட்டவேண்டுமானால், பழைய குண்டர் படங்களுக்குக் கட்டிய தெரு அதற்குப் போதும். 'ஜனாதிபதி கப்போன்' என்ற தலைப்பில் அத்தகைய கதைவித்தொன்று ஆவணத்தின் இறுதிப் பட்டியலிலேயே இடம்பெறுகின்றது.

விண்கப்பல் கிரகங்களில் இறங்காது, வெளியிலேயே சுற்றிவரும் என்ற விதியும் இத்தகையதே. வாரந்தோறும் ஒரு பெருங்கப்பலைப் புதிய நிலமொன்றில் இறக்கிக் காட்டுவதற்குச் செலவு மிகுதி. முதல் வரைவில் சிறிய கலமொன்றிலே மாந்தர் இறங்குவர். அதுவும் செலவுக்குரியதாகத் தோன்றவே, ஒளிக்கற்றையாகக் கரைந்து மறு இடத்தில் தோன்றச் செய்யும் இயந்திரம் பின்னர் கற்பிக்கப்பட்டது. இன்று எதிர்கால விஞ்ஞானத்தின் சின்னமாகக் கருதப்படும் அக்கற்பனை பிறந்தது கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் என்பது மனங்கொள்ளத்தக்கது. உற்பத்திச் சக்திகளின் எல்லை, படைப்பின் உள்ளே கற்பனை விதியாக மறுபிறவி எடுக்கும் நிகழ்ச்சிக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அடுத்துக் கதையோட்டத்தைப் பார்ப்போம். இவ்வாவணத்தில் முதற் பருவக் கதை என்று ஒன்று இல்லை. அதற்குப் பதிலாக இருபத்தைந்து கதைவித்துக்கள், ஒவ்வொன்றும் ஓரிரு வாக்கியங்களில், வரிசையாகத் தரப்பட்டுள்ளன. எதை முதலில் எடுத்தாலும் குறைவில்லை. இது ஆசிரியரின் குறைபாடன்று. அக்காலத்து வலையமைப்புக்கள் விளம்பரதாரருக்கு நேரத்தை விற்றன. சென்ற வாரம் பாராதவரும் இந்த வாரம் அமர்ந்து பார்க்கவேண்டும். பின்னர் உள்ளூர் நிலையங்களுக்கு மறுவிற்பனை செய்யும்போது அத்தியாயங்களை எவ்வொழுங்கிலும் ஒளிபரப்பக்கூடியதாக இருக்கவேண்டும். இதனால் அத்தியாயத்தின் முடிவில் உலகம் தொடக்க நிலைக்கே திரும்பியாகவேண்டும். 1966இல் என்.பி.சி. தொடரை ஒளிபரப்பியபோது, முதலில் தயாரிக்கப்பட்ட அத்தியாயம் மூன்றாவதாகவே காட்டப்பட்டது. அதனால் எவருக்கும் கதை குழம்பவில்லை. வாரந்தோறும் ஒன்றும் மாறாது என்பதே இவ்வாவணம் வாங்குவோருக்கு அளித்த வாக்குறுதி.

தொடர் விற்கப்பட்ட பின்னர் ஆவணத்தின் இரண்டாம் முகம் வெளிப்பட்டது. எழுத்தாளருக்கான வழிகாட்டி திருத்தத்துக்குமேல் திருத்தமாக வெளிவந்தது. 1967 ஏப்ரிலில் வந்த மூன்றாம் திருத்தத்தில் எழுத்தாளருக்கு ஒரு சோதனை வைக்கப்படுகின்றது. ஆபத்து வேளையில், கட்டளைத் தளத்தில், கப்பற் தலைவன் தன் பெண் உதவியாளரை அணைத்துக்கொள்வதாக ஒரு காட்சி காட்டப்பட்டு, இதில் என்ன பிழை என்று கேட்கப்படுகின்றது. வியட்நாம் கடலில் நிற்கும் ஒரு போர்க்கப்பலின் தலைவன் அவ்வாறு செய்வானா என்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அதற்குத் தரப்படும் வழிமுறை. உத்தி என்ற அளவில் இது நல்ல அறிவுரைதான். எவ்வளவு தூரத்து உலகமாயினும் மனித நடத்தை நம்பத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் எழுத்தாளருக்கு அன்றாட உலகின் இயல்பு அளவுகோலாக எது முன்வைக்கப்பட்டது என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். வியட்நாமில் குண்டு பொழிந்துகொண்டிருந்த காலத்தில், அதன் கரைக்கு அப்பால் நின்ற கப்பல் கேள்விக்கிடமற்ற இயல்பான பணியிடமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எதிர்காலச் சமத்துவம் பற்றிப் பேசிய ஒரு தொடரின் சட்டப் புத்தகத்தில் இது நிகழ்ந்தது.

3

இனி 2000ஆம் ஆண்டுக்கு வருவோம். டேவிட் சைமன் 'பால்ரிமோர் சன்' பத்திரிகையில் 1995 வரை குற்றச்செய்தி நிருபராகப் பணியாற்றியவர். அவரது கூட்டாளி எட் பேர்ன்ஸ் இருபது வருடங்கள் பால்ரிமோர் பொலிஸில் துப்பறிவாளராக இருந்து, பின்னர் பாடசாலை ஆசிரியரானவர். இருவரும் சேர்ந்து எழுதிய 'த கோர்னர்' நூல் 1997இல் வெளிவந்தது. 2000இல் அதனை எச்.பி.ஓ. ஆறு பகுதி நாடகமாக ஒளிபரப்பியது. அவ்வாண்டு செப்ரெம்பர் 6ஆம் திகதியிட்டு 'த வயர்' பைபிளை சைமன் எழுதினார்.

எச்.பி.ஓ. அப்போது விளம்பரம் விற்கவில்லை, மாதச் சந்தாவை விற்றது. ஓர் அத்தியாயத்தின் நடுவே பார்வையாளர் எழுந்து போய்விடுவாரா என்பது அதன் கவலையன்று. மாத முடிவில் சந்தாவை நிறுத்திவிடுவாரா என்பதே கவலை. ஆகவே அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்க வைக்கும் கதையும், வேறெங்கும் கிடையாது என்ற பெயரும் அதற்கு இலாபகரமானவை. ஒன்றும் மாறாத தொடரை 1964இன் வணிகம் வேண்டியதுபோல, எல்லாம் மாறிச் செல்லும் தொடரை இந்த வணிகம் வேண்டியது. சைமனின் திறமையை இது குறைக்கவில்லை. அத்திறமைக்கு வாசல் எங்கே திறந்தது என்பதை மட்டும் காட்டுகின்றது.

வாசல் எளிதில் திறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பொலிஸ் கதைகள் வலையமைப்புக்களின் அன்றாடச் சரக்கு. சந்தாத் தொலைக்காட்சிக்கு அவை எதற்கு என்று நிறுவனத்தார் தயங்கினர். மேலும் கதைப்பிரதிகள் கேட்கப்பட்டன. 2001 யூனில் சைமன் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் வாதம் நுணுக்கமானது. வலையமைப்புக்கள் தொட அஞ்சிய உலகங்களை எச்.பி.ஓ. இதுவரை காட்டி வென்றது. இனி அவர்களுடைய சொந்த நிலமான பொலிஸ் கதையையே எடுத்து, அது சொல்லிவந்த பொய்யைத் தலைகீழாக்கினால் வெற்றி அதனினும் பெரிதாகும் என்பது அவர் கருத்து. பைபிளின் முகவுரையிலும் இதே நகர்வைக் காணலாம். மேற்பரப்பில் இது பொலிஸ் விசாரணைக் கதைதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளப்படுகின்றது. அதன் பின்னரே, இது அமெரிக்க நகரம் பற்றியும் அந்நாட்டின் சமூகப் பரிசோதனை பற்றியும் பேசப்போகின்றது என்ற உண்மை நோக்கம் வெளிவருகின்றது. தெரிந்த பண்டத்தின் பெயரைச் சொல்லித் தொடங்குவது ரொடன்பெரியின் உபாயமும்தான். சைமன் அதே கதவைத் தட்டி வேறொன்றை உள்ளே கொண்டுசென்றார்.

4

சைமனின் உலகம் கற்பனையன்று. 1950ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஒன்பதரை இலட்சமாக இருந்த பால்ரிமோரின் சனத்தொகை 2000இல் ஆறரை இலட்சமாகக் குறைந்திருந்தது. உருக்காலையும் துறைமுகமும் தந்த வேலைகள் சுருங்கின. வேலை போன இடத்தில் போதைப்பொருள் வியாபாரம் ஒரு பெரும் தொழில்தருநராக நின்றது. இந்த உண்மையை ஒரு தொடரின் 'உலகம்' ஆக்குவது எவ்வாறு? வரலாற்றுக் குறிப்புக்களை அடுக்குவதால் அது நிகழாது. பைபிள் எழுதுவோர் பெரும்பாலும் வழுக்குவது இவ்விடத்திலேயே. உலகத்தின் பூர்வகதை இருபது பக்கம் நீளும். நாளை காலை அங்கே யார் எதற்காக எழுந்து வேலைக்குப் போகின்றான் என்பதற்கு ஒரு வரியும் இராது.

சைமனும் பேர்ன்ஸும் உலகத்தை விதிகளாக அமைத்தனர். முதற் பருவத்தின் நடுநாயகமான விதி தொலைபேசி ஒட்டுக்கேட்டல் பற்றியது. வேறு வழிகளெல்லாம் முயன்று பயனில்லை எனக் காட்டினாலன்றி நீதிபதி அதற்கு அனுமதி தரமாட்டார். அனுமதி கிடைத்த பின்னரும் எல்லா உரையாடலையும் கேட்க முடியாது. பொதுத் தொலைபேசியில் பேசுவது சந்தேக நபர்தான் என ஒருவர் கண்ணாற் கண்டு சொல்லவேண்டும். ஆகவே கூரையொன்றின் மேல் ஒரு காவலர் எந்நேரமும் படுத்திருக்கவேண்டும். மறுபுறத்தில் வியாபாரிகளுக்கும் விதி உண்டு. அவர்கள் பேஜரில் மட்டும் அழைப்பர். எண்ணை நேராக அனுப்பமாட்டார். விசைப்பலகையில் ஐந்தைத் தாண்டி எதிரேயுள்ள எண்ணை அழுத்துவர். ஒன்றுக்கு ஒன்பது, இரண்டுக்கு எட்டு. ஐந்தும் பூச்சியமும் இடம்மாறும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பையனும் தெருவில் நின்றபடியே பயன்படுத்தக்கூடிய மறைகுறி அது.

இவ்விரண்டு விதித்தொகுதிகளும் மோதும்போது கதை தானாகவே நடக்கின்றது. உலகம் உயிருள்ளதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: விதியொன்றை நீக்கிப் பாருங்கள். கூரையில் ஒருவர் இருக்கவேண்டும் என்ற விதி இல்லையேல் அடித்தளத்து அறையில் இருந்தபடியே விசாரணை முடிந்துவிடும். பொலிஸார் அம்மக்களின் அன்றாட வாழ்வைக் காணவேண்டிய தேவையே எழாது. நீக்கினாலும் கதை நகருமானால் அது உலகமன்று, வெறும் அலங்காரம். பேர்ன்ஸின் பொலிஸ் வாழ்வும், 1987இல் பால்ரிமோர் போதை வியாபாரி ஒருவரைப் பற்றி சைமன் எழுதிய தொடர் கட்டுரைகளும் இவ்விதிகளுக்கு மூலம் என்பது குறிப்பிடத்தக்கது.

5

பாத்திரங்களை நோக்குவோம். பைபிளில் உள்ள பெயர்கள் சில திரையில் மாறின. மக்ஆர்டில் என்ற துப்பறிவாளன் மக்நல்ட்டி ஆனான். ஆரன் பார்க்ஸ்டேல் ஏவன் ஆனான். பெயர் மாறியது, நிலை மாறவில்லை. ஏனெனில் இப்பாத்திரங்கள் குணங்களின் தொகுதிகளாக எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் ஓர் ஏணியில் ஒரு படியில் நிற்கின்றார். மேலே யார், கீழே யார், கீழ்ப்படியாவிட்டால் என்ன விலை என்பவையே அவரை நிர்ணயிக்கின்றன.

ஏணிகள் இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை. ஏவனின் மருமகன் டி'ஏஞ்சலோ கொலைவழக்கிலிருந்து தப்பிவந்தவுடன், உயர்மாடிக் குடியிருப்பின் வியாபாரத்திலிருந்து தாழ்ந்த கட்டடங்களிடையே உள்ள 'குழி'க்கு இறக்கப்படுகின்றான். அதே வேளையில் லெப்டினன்ற் டானியல்ஸ் எவருக்கும் வேண்டாத பொலிஸாரைக் கொண்ட ஒரு பிரிவுக்குத் தலைவனாக்கப்படுகின்றான். இருவரும் தத்தம் நிறுவனம் தமக்குத் தந்த தண்டனையைப் பதவி என்று ஏற்கவேண்டியவர்கள். தொடக்க அத்தியாயங்களில் ஒரு காட்சி: கோழித்துண்டுப் பொதியைத் தின்றபடி பையன்கள் அதனைக் கண்டுபிடித்தவன் பெரும் பணக்காரன் ஆகியிருப்பான் என்கின்றனர். டி'ஏஞ்சலோ அவர்களைத் திருத்துகின்றான். அவன் அடித்தளத்தில் இன்னும் கூலிக்கே இருப்பான். இலாபம் மேலே இருப்பவனுக்கு என்பது அவன் விளக்கம். உபரி உழைப்பு பற்றிய பாடம் தெருமுனையில், அதையே அனுபவிக்கும் வாயிலிருந்து வருகின்றது. லூக்காச் கூறிய வகைமாதிரிப் பாத்திரம் என்பதற்கு இது பொருந்தும். ஒருவன் தனித்தன்மை குன்றாமலேயே தன் காலத்தின் முரண்பாட்டைத் தன்னுள் தாங்கி நிற்பான்.

பாத்திரப் பகுதியிலும் ஒரு சோதனை உண்டு. ஒருவரை எடுத்துவிட்டால் வேறெவருடைய கதை நின்றுபோகும்? விடை 'எவருடையதும் இல்லை' என்றால், அவருக்கு எத்தனை பக்க வாழ்க்கை வரலாறு இருந்தாலும் அவர் பாத்திரமல்லர்.

6

பருவக் கதையோட்டம் பதின்மூன்று மணி நேரம் கொண்டது. 2002இல் திரைக்கு வந்த வடிவத்தில் அது நான்கு அசைவுகளாக அமைந்துள்ளது. முதல் மூன்று அத்தியாயங்களில் பிரிவு உருவாகின்றது. அதன் மேலதிகாரிகள் அது தோற்பதையே விரும்புகின்றனர். அடுத்த மூன்றில் பேஜர் மறைகுறி உடைக்கப்பட்டு ஒட்டுக்கேட்டலுக்கு அனுமதி கிடைக்கின்றது. ஏழிலிருந்து பத்துவரை கம்பி வேலை செய்கின்றது. ஆனால் அது போதையோடு நில்லாமல் பணத்தைப் பின்தொடர்ந்து அரசியல்வாதியின் வாசல்வரை செல்லவே மேலிருந்து கை நீள்கின்றது. பத்தாம் அத்தியாயத்தின் முடிவில் துப்பறிவாளர் கிரெக்ஸ் சுடப்படுகின்றார். இறுதி மூன்றில், பத்திரிகையாளர் முன் மேசையில் அடுக்கப் போதைப்பொருள் வேண்டும் என்பதற்காக மேலதிகாரிகள் அவசரமாகச் சோதனை நடத்தி, மாதக்கணக்கான வேலையைப் பாழாக்குகின்றனர்.

இவ்வமைப்பின் நுட்பம் யாதெனில், விசாரணை ஒவ்வோர் அடி முன்னேறும்போதும் யாரோ ஒருவர் அதற்கு விலை செலுத்துகின்றார். பதினாறு வயது வலஸ் அதன் உச்சமான விலை. அவனை அவனுடைய நண்பர்களே கொல்லும்படி ஆகின்றது. அந்த அத்தியாயத்தை எழுதியவர் நாவலாசிரியர் ஜோர்ஜ் பெலிகானோஸ். ஆனால் கதை சைமனும் பேர்ன்ஸும் வகுத்தது. பைபிளின் இரண்டாம் முகம் இங்கே தெளிவு பெறுகின்றது. ஒருவர் திட்டமிட்ட மரணத்தை இன்னொருவர் எழுதுகின்றார். தொழிற்பிரிவினை கலையினுள் ஏற்கப்படுகின்றது. அது நன்றாக அமைந்ததற்குக் காரணம், வகுத்தவர் எங்கே போய்ச்சேரவேண்டும் என்பதைச் சொல்லி, அங்கே போகும் வழியை எழுதுபவருக்கு விட்டமையே. கிரெக்ஸின் கதை மறுபுறத்தைக் காட்டுகின்றது. அவர் இறப்பதாகவே முதலில் எண்ணப்பட்டது. நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒருவர் தடுத்ததால் அவர் பிழைத்தார். பின்வந்த பருவங்களுக்கு அது நன்மையாயிற்று. ஆயினும் பாத்திரத்தின் உயிர் யார் கையில் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பருவத்தின் முடிவில் ஏவனுக்கு ஏழு வருடம், டி'ஏஞ்சலோவுக்கு இருபது வருடம். மக்நல்ட்டி தான் போக விரும்பாத கடற்பிரிவுக்கே அனுப்பப்படுகின்றான். குழியில் வியாபாரம் மறுநாளும் நடக்கின்றது. இங்கே ஒரு முக்கிய வேறுபாட்டைக் காண்கின்றோம். 'ஸ்டார் ட்ரெக்'கில் உலகம் பழைய நிலைக்குத் திரும்புவது வணிகத்தின் தேவை. 'த வயரி'லும் உலகம் பழைய நிலைக்கே திரும்புகின்றது. ஆனால் திரும்பும் வழியில் மனிதர் அழிந்திருக்கின்றனர். முன்னையதில் மாறாமை ஓர் ஆறுதல். பின்னையதில் மாறாமையே குற்றச்சாட்டு.

7

இதன் எல்லையையும் கூறாதுவிடின் விமர்சனம் நிறைவுறாது. நிறுவனங்களைக் கிரேக்க நாடகத்துத் தெய்வங்களுக்கு ஒப்பிடுவது சைமனின் விருப்பமான விளக்கம். ஒருவன் தனியே எழுந்து நிற்பான். நிறுவனம் அவனை நசுக்கும். ஆனால் தெய்வங்களை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய முடியாது. நிறுவனங்களை எதிர்த்துச் செய்யலாம். முதற் பருவத்தில் கூட்டுச் செயல் என்பதற்கே இடமில்லை. துறைமுகத் தொழிலாளரின் சங்கம் 2003இல் வந்த இரண்டாம் பருவத்திற்றான் தோன்றியது. அதுவும் அழிந்துபோகும் ஒன்றாக. நோயை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஆசிரியர் எதிர்ப்பை மட்டும் தனிமனிதப் பிடிவாதமாகக் காண்பது அவருடைய உலகநோக்கின் எல்லை. டைம் வார்னரைப் போன்ற ஒரு பெருங்கொம்பனி இக்கண்டனத்துக்குப் பணம் கொடுத்ததன் இரகசியமும் ஓரளவு இதிலேயே உண்டு. நம்பிக்கையற்ற விமர்சனம் சந்தாவை நிறுத்தச் செய்வதில்லை.

ஆனால் அந்த எழுத்தாளர்கள் வாழ்ந்த தொழிலிலேயே கூட்டுச் செயல் இல்லாமற் போகவில்லை. அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் பைபிள் தனிப்பட்ட ஓர் எழுத்துவகையாக ஏற்கப்பட்டு அதற்குக் குறைந்தபட்சக் கூலி வரையறுக்கப்பட்டுள்ளது. அதாவது அது 'வெறும் யோசனை' அன்று, உழைப்பு என்பது போராடிப் பெற்ற ஓர் ஏற்பு. இணைய ஒளிபரப்பின் காலத்தில் இந்த ஏற்பு மீண்டும் ஆபத்துக்கு உள்ளானது. தொடரைத் தயாரிப்பதென்று முடிவெடுக்கு முன்னரே, சில எழுத்தாளரைச் சில வாரங்களுக்கு ஒரு சிறிய அறையில் சேர்த்து, பருவம் முழுவதற்குமான கதையோட்டத்தை எழுதுவித்து, பின்னர் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் பரவியது. உலகமும் மாந்தரும் கதையோட்டமும் அவர்கள் தந்தவை. தயாரிப்புக் காலத்தின் சம்பளமோ பயிற்சியோ அவர்களுக்கு இல்லை. 2023 மே 2 முதல் செப்ரெம்பர் 27 வரை, 148 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின் முக்கிய காரணங்களுள் இதுவும் ஒன்று. அத்தகைய அறைகளில் வேலை செய்வோருக்குக் குறைந்தது பத்து வார வேலை என்ற உறுதி அதன் பின்னரே ஒப்பந்தத்தில் இடம்பெற்றது.

பாத்திரங்களுக்குக் கிட்டாத வழியை அவற்றை எழுதியோர் தேர்ந்தனர் என்பது இவ்வரலாற்றின் முரண். பைபிள் ஒன்றை வாசிக்கும்போது அதன் உலகம் எத்துணை அழகாகக் கட்டப்பட்டுள்ளது என்று வியப்பதோடு நின்றுவிடலாகாது. அவ்வுலகத்தின் விதிகளுள் எவை வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை, எவை கணக்கேட்டிலிருந்து வந்தவை என்று பிரித்தறியவேண்டும். மாந்தருள் யாருடைய உயிரை ஆசிரியர் தீர்மானித்தார், யாருடையதை வாங்கியவர் தீர்மானித்தார் என்று கேட்கவேண்டும். இறுதியாக, அந்தப் பக்கங்களை எழுதியவருக்குக் கூலி கொடுக்கப்பட்டதா என்றும் கேட்கவேண்டும்.